ஃபிரிட்ஜ் இல்லை, ஒரே அடுப்பு: ராத்திரி வைத்த சாம்பார் காலையில் கெட்டுப்போகிறது, உதவி தேவை

பூன்லே ராஜா: வணக்கம். சிங்கப்பூரில் வாடகை அறை, ஃபிரிட்ஜ் கிடையாது, ஒரே அடுப்பு. ராத்திரி சோறும் சாம்பாரும் வைத்து மறுநாள் மத்தியானத்துக்குக் கட்டிக்கொண்டு போகிறேன். சாம்பார் காலையில் நுரைத்துப் போகிறது. சோறு பரவாயில்லை, வாடை இல்லை. தினமும் வெளியில் சாப்பிட்டால் கட்டுப்படியாகாது. சீக்கிரம் சொல்லுங்கள்.

அங்மோகியோ அக்கா: தம்பி, எத்தனை மணிக்குச் சமைக்கிறீர்கள்? கேஸா, இண்டக்‌ஷனா? தேங்காய் அரைத்து ஊற்றுகிறீர்களா?

குழம்புச்சட்டி: பாத்திரம்தான் காரணம். அலுமினியத்தில் புளி ஊற்றினால் இப்படித்தான் ஆகும். எவர்சில்வருக்கு மாறுங்கள். படுக்கும் முன் ஒரு கொதி விட்டு, மூடியைத் திறக்காமல் வையுங்கள். காலையில் மறுபடி ஒரு கொதி. ஒன்றும் ஆகாது.

பழம்பெருச்சாளி: இதே கேள்வி எப்போதும் வந்துகொண்டே இருக்கிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. நேரம் சொல்லவில்லை, அடுப்பு சொல்லவில்லை, ஆனால் சீக்கிரம் வேண்டுமாம்.

ஜூரோங் செல்வம்: பழைய சின்ன ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கிப் போடுங்கள். நான் அப்படித்தான் சமாளித்தேன்.

பூன்லே ராஜா: ஃபிரிட்ஜ் வைக்க வீட்டுக்காரர் விடமாட்டார். சமையலே லைட் குக்கிங் மட்டும்தான். இண்டக்‌ஷன் அடுப்பு, எவர்சில்வர் பாத்திரம், தேங்காய் இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்குச் சமைப்பேன், காலை ஆறரைக்குக் கிளம்புவேன், சாப்பாடு பன்னிரண்டரைக்கு.

கேண்டீன் குமார்: அப்படியென்றால் பாத்திரத்தை விடுங்கள். வெறும் அலுமினியம் இண்டக்‌ஷனில் சூடே ஆகாது. ராத்திரி ஒன்பதிலிருந்து மத்தியானம் பன்னிரண்டரை வரை பதினைந்தரை மணி நேரம் ஆகிறது, அதுதான் சிக்கல். இங்கே ராத்திரியிலும் அறைக்குள் வெக்கை குறைவதில்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமி பெருகும். வெந்த பருப்பு அதற்கு நல்ல தீனி.

எனக்குச் சாம்பாரைவிடச் சோறுதான் பயம். அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து வேகும்போதும் சாகாது. சோறு ராத்திரி முழுக்க வெளியில் கிடந்தால் அது முளைத்து நஞ்சை விடும். காலையில் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நஞ்சு போகாது. வாடையும் வராது. வாந்தி வந்தால்தான் தெரியும்.

அதனால் ஈரமான எதையும் ராத்திரி தாண்ட விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை புளிக்காய்ச்சல் செய்து வையுங்கள். நூறு கிராம் புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றித் தாளித்து, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை சுண்ட வையுங்கள். ஆறிய பிறகு காய்ந்த கண்ணாடி பாட்டிலில் போட்டு, காய்ந்த கரண்டியால் மட்டும் எடுத்தால் ஒரு வாரம் தாங்கும்.

காலை ஐந்தரைக்குக் குக்கரில் ஒரு கைப்பிடி துவரம்பருப்பும் தக்காளியும் தண்ணீரோடு அடியில், மேலே ஒரு கிண்ணத்தில் அரிசி. நாலு விசில் வந்ததும் இறக்கிவிடுங்கள். ஆவி அடங்கப் பத்து நிமிடம் ஆகும், அதுவரை அடுப்பு சும்மா இருக்கும். அதில் பீன்ஸோ முட்டையோ வதக்கலாம். இங்கே கடையிலேயே முட்டையை ஃபிரிட்ஜ் இல்லாமல்தான் அடுக்கியிருக்கிறார்கள், அறையில் வைத்தாலும் சில நாள் தாங்கும். சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவிட்டுப் புளிக்காய்ச்சலோடு பிசையுங்கள். புளிப்பு ஏறியதால் மதியம் வரை தாங்கும். பருப்பு வேண்டுமானால் ஃபிளாஸ்கில் முதலில் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்க விளிம்புவரை ஊற்றுங்கள். பாதி நிரப்பினால் சீக்கிரம் ஆறிவிடும்.

குழம்புச்சட்டி: அப்போ பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள் எல்லாம் செத்தா போனார்கள்?

கேண்டீன் குமார்: அது தண்ணீரில் மூழ்கிப் புளிக்கிறது அண்ணே, புளிப்பு ஏற ஏற மற்ற கிருமி அடங்கும். பானையில் மூடி வைத்த வெறும் சோறு வேறு.

குழம்புச்சட்டி: அதுவும் புளிக்க நேரம் எடுக்கிறதே, அந்த நேரத்தில் உங்கள் நஞ்சு வராதா?

கேண்டீன் குமார்: நியாயமான கேள்வி. அதனால்தான் நான் யாருக்கும் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

அங்மோகியோ அக்கா: ஊரில் காலையில் மோர் ஊற்றிச் சாப்பிட்டோம், மத்தியானம் வரை தூக்கிக்கொண்டு அலையவில்லையே. தம்பி, தயிருக்குப் பதில் சின்ன யூஎச்டி பால் பாக்கெட் வாங்குங்கள், பிரிக்கும்வரை வெளியில் இருக்கலாம். பிரித்தால் அன்றே குடித்துவிட வேண்டும்.

ஜூரோங் செல்வம்: வீட்டுக்காரரிடம் மின் கட்டணம் தனியாகத் தருகிறேன் என்று ஃபிரிட்ஜுக்குக் கேட்டுப் பாருங்களேன்.

பூன்லே ராஜா: புளிக்காய்ச்சல் வேலை செய்கிறது, நன்றி அண்ணே. பருப்பு இன்னும் முடியவில்லை. தேக்காவில் வாங்கிய குக்கரை அடுப்பு ஏற்கவே இல்லை.

பழம்பெருச்சாளி: அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ரசீது இருக்கிறதா?