டிரான்சியன்ட் ரெஸ்பான்ஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

பாலிடெக்னிக் ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். ஆய்வகக் கையேட்டைத் தமிழில் எழுதுகிறேன். இந்தச் சொல்லுக்குத் 'தற்காலிகத் துலங்கல்' என்று போட்டிருந்தேன். மின்தேக்கி 5 வோல்ட்டுக்கு ஏறி அங்கேயே நின்றுவிடுகிறதே, இதில் தற்காலிகம் எது என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் கேட்டது நியாயம்.

கணக்கிலும் ஓர் இடறல். மின்தடை 1 கிலோ ஓம், மின்தேக்கி 1 மைக்ரோஃபாரட், கால மாறிலி 1 மில்லி விநாடி. அந்த நொடிக்குக் கையால் போட்டால் 5(1 − e⁻¹) = 3.16 வோல்ட். ngspice மென்பொருள் 3.07 காட்டுகிறது.

```
* RC
V1 in 0 PULSE(0 5 0 0 0 10m 20m)
R1 in out 1k
C1 out 0 1u
.tran 0.1m 5m
.meas tran v1 FIND v(out) AT=1m
.end
```

பவர் சப்ளை பழுது பார்ப்பவர்:
ஐயா, படி பெரிதாக இருப்பதால் வரும் பிழை இது. `.tran 1u 5m` என்று மாற்றுங்கள், 3.16 வந்துவிடும். சொல்லுக்கு என் ஓட்டு 'நிலைமாற்றத் துலங்கல்'.

கல்லூரி மாணவர்:
எனக்கு ஏற்றமே வரவில்லை, 5 வோல்ட்டில் நேர்கோடுதான். `V1 in 0 5` என்று கொடுத்தேன். என் மின்தேக்கி மாதிரி தவறா?

சுற்று வடிவமைப்பாளர்:
தம்பி, மாதிரியில் குற்றமில்லை. `.tran` ஓடுமுன் ஸ்பைஸ் நேர்திசை மின்னோட்ட நிலையைக் கணக்கிட்டுவிடும். மூலம் எப்போதும் 5 என்றால் மின்தேக்கி முன்பே நிரம்பியிருக்கும், மாறுவதற்கு ஒன்றும் இராது. `.tran 0.1m 5m uic` என்றும் மின்தேக்கி வரியில் `IC=0` என்றும் கொடுங்கள்.

ஐயா, படியைக் குறைத்தால் விடை சரியாகும்தான், ஆனால் காரணம் வேறு. ஏறும் நேரத்துக்கு 0 கொடுத்தால் ngspice அந்த இடத்தில் `.tran` படியை வைத்துக்கொள்ளும். உங்கள் மூலம் சட்டென்று தாவவில்லை, 0.1 மில்லி விநாடி எடுத்துச் சாய்ந்து ஏறியிருக்கிறது. அதனால் வளைகோடு ஏறத்தாழ 0.05 மில்லி விநாடி பின்தங்கும். 1 மில்லி விநாடியில் வளைகோட்டின் சரிவு மில்லி விநாடிக்கு 1.84 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 0.09, நீங்கள் தேடும் வித்தியாசம் அதுவே. படியைத் தொடாமல் ஏறும், இறங்கும் நேரங்களை மட்டும் `1n` ஆக்கிப் பாருங்கள்.

'நிலைமாற்றம்' எனக்குத் தயக்கம் தருகிறது. பனி நீராவதைப் பள்ளியில் அப்படித்தான் படித்தோம். இங்கே உண்மையில் மறைவது −5e^(−t/RC) என்ற உறுப்பு மட்டுமே, எஞ்சுவது 5. ஆகவே 'தணிதுலங்கல்' சரியாக வரும் என்பேன்.

பாலிடெக்னிக் ஆசிரியர்:
`1n` கொடுத்தேன், 3.16 வந்தது. படி அதே 0.1m தான். கையேட்டில் இதையும் எழுதிவிடுகிறேன்.

'தணிதுலங்கல்' கணக்குக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் திரையில் மாணவர் காண்பது மேலே ஏறும் கோடு. அதைக் காட்டித் 'தணிகிறது' என்றால் மறுபடியும் அதே கேள்வி எழும். முழு வளைகோட்டுக்கு ஒரு சொல், மறையும் உறுப்புக்கு வேறு சொல் என்று பிரிக்கலாமா?

பவர் சப்ளை பழுது பார்ப்பவர்:
பிரியுங்கள் ஐயா. முழு வளைகோட்டுக்கு நான் இன்னும் 'நிலைமாற்றம்' பக்கம்தான்.