டிக் சைஸ், டிக் வேல்யூ: தமிழ்ல என்ன போடலாம்?

மாறன்:
எல்லாருக்கும் வணக்கம். நம்ம நிதிச் சொல் பட்டியல்ல ஃபியூச்சர்ஸ் பகுதி பாதியிலேயே நிக்குது. டிக்குக்கு "விலைப்படி"ன்னு போட்ருக்கேன், விலை படி படியா தான் ஏறும் இறங்கும், ரெண்டு படிக்கு நடுவுல நிக்க முடியாது, அதனால பொருத்தமா இருக்கும்னு தோணுச்சு. என் கேள்வி என்னன்னா டிக் சைஸ், டிக் வேல்யூன்னு ரெண்டுக்கும் தனித்தனி சொல் வேணுமா? ரெண்டும் ஒரே விஷயத்தோட ரெண்டு பக்கம் தானே. ஈ-மினி எஸ் அண்ட் பி 500ல டிக் 0.25, அதுக்கு 12.50 டாலர். சோளத்துலயும் டிக் கால் செண்ட், அதுக்கும் 12.50 டாலர். 0.25ன்னாலே 12.50 தான்னு ஆகிடுது, ஒரு சொல்லே போதும்ல?

செல்வி:
மாறன் தம்பி, அது ரெண்டும் ஒத்துப்போனது தற்செயல்ப்பா, அதை வச்சு சொல்லைக் குறைச்சிடாதீங்க. ஈ-மினில ஒரு பாயிண்ட்டுக்கு 50 டாலர், அதுல கால் பங்கு 12.50. சோளம் ஒரு காண்ட்ராக்ட் 5,000 புஷல், விலையை ஒரு புஷலுக்கு இத்தனை செண்ட்னு தான் சொல்றாங்க, அப்போ கால் செண்ட் நகர்ந்தா 5,000 × 0.25 = 1,250 செண்ட், அதாவது 12.50 டாலர். வந்து சேர்ந்த எண் ஒண்ணு, வந்த வழி வேற. மைக்ரோ ஈ-மினியைப் பாருங்க, அதுலயும் டிக் 0.25 தான், ஆனா பாயிண்ட்டுக்கு 5 டாலர் தான்ங்கறதால ஒரு டிக்குக்கு 1.25 டாலர் தான் கிடைக்கும். அளவு அதே, பணம் பத்துல ஒரு பங்கு. இந்த ரெண்டையும் ஒரே சொல்லால சொன்னா படிக்கிறவங்க கணக்கு பத்து மடங்கு தப்பும். அளவுக்கு "படியளவு", பணத்துக்கு "படிமதிப்பு"ன்னு வைங்க.

ஃபாத்திமா:
இந்த இழையில கேக்கலாமான்னு தெரியல, ஆனா விஷயம் இதே தான். சோளம் ஒரு காண்ட்ராக்ட் 448'6ல வாங்கி 453'2ல வித்தேன். 453.2ல இருந்து 448.6ஐக் கழிச்சா 4.6 செண்ட், செண்டுக்கு 50 டாலர்னு பாத்தா 230 வரணும். கணக்குல 225 தான் வந்திருக்கு, கமிஷனை தனி வரியில காட்டிருக்காங்க, அப்ப இந்த 5 டாலர் எங்க போச்சு? படிமதிப்புன்னு சொல்றீங்களே, அதுல ஏதாவது கட்டணம் சேந்திருக்கா?

செல்வி:
கட்டணம் எதுவும் இல்லம்மா, திரையில இருக்கிற அந்தக் குறியைப் புள்ளின்னு படிச்சிட்டீங்க, அவ்வளவு தான். தானியத்துல அந்தக் குறிக்கு அப்புறம் வர்ற எண் எட்டுல எத்தனைன்னு அர்த்தம். நம்ம பழைய கணக்குல அரைக்கால்னு சொல்லுவாங்களே, அதே எட்டுல ஒண்ணு. 448'6ன்னா 448ம் ஆறு அரைக்காலும், அதாவது 448.75. 453'2ன்னா ரெண்டு அரைக்கால், சரியா ஒரு கால், 453.25. வித்தியாசம் 4.50 செண்ட், கால் செண்டால வகுத்தா 18 படி, 18 × 12.50 = 225. உங்க கணக்குக்கு வந்தது சரி தான்.

இதுல ஒண்ணு கவனிங்க. நீங்க போட்ட 4.6ஐ கால் செண்டால வகுத்துப் பாத்திருந்தா 18.4 படின்னு வந்திருக்கும். அப்படி ஒரு நகர்வு சந்தையில நடக்கவே முடியாது, அதனால விலையை எங்கயோ தப்பா படிச்சிருக்கோம்னு அங்கயே தெரிஞ்சிருக்கும். அதனால தான் நேரா செண்டைப் பணமா மாத்தாம முதல்ல படிக்கணக்கு போட்டுட்டு அப்புறம் படிமதிப்பால பெருக்குங்கன்னு சொல்றேன், முழு எண் வரலைன்னா பணத்துக்கே போகாதீங்க. அமெரிக்க 10 வருஷ கருவூல நோட்டுலயும் இதே சிக்கல் இருக்கு, அங்க குறிக்கு அப்புறம் எட்டுல இல்ல, 32ல எத்தனை. 110'16ன்னா நூத்திப்பத்தரை, 110.16 இல்ல. அங்க பிழை 5 டாலரோட நிக்காது, ஒரு முழுப் புள்ளிக்கு 1,000 டாலர்ங்கறதால இந்த ஒரு விலையைத் தப்பா படிச்சாலே 340 டாலர் வித்தியாசம்.

ஃபாத்திமா:
அக்கா புரிஞ்சுது, நன்றி. ஆனா அதுக்கு முந்தி ஒரு தடவை ரெண்டு காண்ட்ராக்ட் வாங்கினேன், ஸ்டேட்மெண்ட்ல சராசரி விலை 448.875ன்னு இருக்கு. அதை 453.25ல இருந்து கழிச்சு வகுத்தா 17.5 படி வருதே, அதுவும் தப்பா?

செல்வி:
நல்லா கேட்டீங்க, அது தப்பு இல்ல. ஒண்ணு 448.75லயும் இன்னொண்ணு 449லயும் கிடைச்சிருக்கும். சராசரி ரெண்டு படிக்கு நடுவுல விழலாம், ஆனா அந்த விலையில யாரும் யாருக்கும் விக்கல. ஒவ்வொரு காண்ட்ராக்ட்டையும் தனியா எண்ணுங்க, ஒண்ணு 18 படி, இன்னொண்ணு 17, மொத்தம் 35 படி, 437.50 டாலர். 17.5ஐ ரெண்டால பெருக்கினாலும் அதே 35 தான். ஆக முழு எண் சோதனை தனித்தனி விலைக்கு மட்டும் தான் செல்லும், சராசரி மேல அதைப் போடாதீங்க.

இளங்கோ:
தாமதமா வர்றேன். "விலைப்படி", "படியளவு" ரெண்டும் எனக்கு சம்மதம். "படிமதிப்பு" தான் உறுத்துது. மதிப்புன்னா விலைன்னும் படிப்பாங்க, படிமதிப்பு எவ்வளவுன்னு கேட்டா பாதிப்பேரு 0.25ன்னு தான் சொல்லுவாங்க, மாறனுக்கு வந்த குழப்பம் திரும்பவும் வரும். பணம்னு சொல்லுக்குள்ளயே தெரியணும், அதனால "படிக்காசு"ன்னு வைக்கலாம். திருவீழிமிழலையில பஞ்சத்துல அப்பருக்கும் சம்பந்தருக்கும் தினம் கிடைச்ச காசுக்கு அதான் பேரு, நாக்குக்கு வந்துட்ட சொல். இன்னொண்ணு, விளக்கத்துல "ஒரு படிக்கு உரிய பணம், விலை எங்க இருந்தாலும் மாறாது"ன்னும் சேத்துடலாம், சோளம் 400ல இருந்தாலும் 700ல இருந்தாலும் அதே 12.50 தானே.

செல்வி:
இளங்கோ சார், படிக்காசு அழகா தான் இருக்கு, ஆனா அந்தக் கதை தெரிஞ்சவங்களுக்கு அது தினம் தர்ற காசு, கேக்கும்போது வரவு மட்டும் தான் மனசுல நிக்கும். நமக்கு வேண்டிய சொல் நஷ்டத்துக்கும் பொருந்தணும், 18 படி எதிர்ப்பக்கம் போனா அதே 225 கையை விட்டுப் போகும். "மாறாது"ங்கறதையும் விளக்கத்துல போடாதீங்க, சோளத்துக்கும் ஈ-மினிக்கும் அது சரி, ஆஸ்திரேலிய அரசுப் பத்திர ஃபியூச்சர்ஸுக்கு சரி வராது. அங்க விலையை நூறுல இருந்து வட்டி விகிதத்தைக் கழிச்சு சொல்றாங்க, வட்டி மாற மாற ஒரு படிக்கு உண்டான பணமும் மாறும். அங்க ஆரம்ப விலைக்கும் கடைசி விலைக்கும் காண்ட்ராக்ட் மதிப்பைத் தனித்தனியா கண்டுபிடிச்சுத் தான் கழிக்கணும்.

மாறன்:
அப்ப விலைப்படி, படியளவு ரெண்டையும் இன்னைக்கே ஏத்திடறேன். படிமதிப்பையும் படிக்காசையும் கேள்விக்குறியோட பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கேன். இன்னொரு சந்தேகம் அக்கா, ஈ-மினில ஒரு மாசத்தை வித்து அடுத்த மாசத்தை வாங்குற ஸ்ப்ரெட்டுக்கு டிக் 0.05ன்னு போட்டிருக்கே, அப்ப ஒரே காண்ட்ராக்ட்டுக்கு ரெண்டு படியளவா?

செல்வி:
ஆமாப்பா, ஸ்ப்ரெட்டா வர்த்தகம் பண்ணும்போது படி சின்னது, 0.05க்கு 2.50 டாலர். அதனால படியளவுக்கு எழுதுற விளக்கத்துல "காண்ட்ராக்ட்டோட மிகச்சிறிய விலை நகர்வு"ன்னு போட்டா அங்க இடிக்கும். "அந்த வகை ஆர்டருக்கு"ன்னு சேத்தா சரியா வருமான்னு இளங்கோ சார் பாத்து சொல்லட்டும்.