தடுப்பூசி அட்டையை மொழிபெயர்த்தபோது தேதி மாறிய கதை – உங்கள் அனுபவம்?

செந்தூல் அம்மா:
மகனுடைய தமிழ்நாட்டு அட்டையை மாமியார் போட்டோ எடுத்து வாட்சப்பில் அனுப்பினார். இங்கே மலேசியாவில் இன்டர்நேஷனல் ஸ்கூலில் ஆங்கிலத்தில் கேட்டார்கள், ஒருவரிடம் காசு கொடுத்து மாற்றி வாங்கினோம். பள்ளி நர்ஸ், ஐந்து நோய்களுக்கான பென்டா ஊசியின் வரியில் பேனாவை வைத்து, “முதல் டோஸ் ஜூலையில், மூன்றாவது பிப்ரவரியிலா?” என்றார். அட்டையில் 07/03/2018, 04/04/2018, 02/05/2018. அந்த ஆள் மாதத்தை முன்னால் வைத்துப் படித்திருக்கிறார்! பையன் பிறந்ததே 22 ஜனவரி. போலி அட்டை கொண்டுவந்தவளைப் பார்ப்பதுபோல் நர்ஸ் பார்த்தது இன்னும் உறுத்துகிறது.

பட்டர்வொர்த்காரன்:
அரசு மொழிபெயர்ப்பு நிறுவனமான ஐடிபிஎம்மில் கொடுத்து முத்திரையோடு வாங்குங்கள் அக்கா, அப்புறம் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். எம்.ஆர். என்று இருந்தால் எம்.எம்.ஆர். என்றே போடச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றுதான், இங்கே அதுதான் புரியும்.

ஜார்ஜ்டவுன் மொழிபெயர்ப்பாளர்:
தம்பி, ஒன்றில்லை. எம்.ஆர். தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும். எம்.எம்.ஆரில் பொன்னுக்குவீங்கியும் சேரும். இந்திய அரசு மையங்களில் போடுவது எம்.ஆர். அதை மாற்றி எழுதினால் பிள்ளைக்குப் போடாத ஊசியைப் போட்டதாக ஆகிவிடும், விடுபட்டதைப் போடவும் யாருக்கும் தோன்றாது.

முத்திரை மொழிபெயர்ப்புக்குத்தான், மங்கலான போட்டோவை அது தெளிவாக்காது. நான் முதலில் பிறந்த தேதியை எடுத்துக்கொண்டு எண்ணிப் பார்ப்பேன். பென்டா 6, 10, 14 வாரத்தில் போடுவது. 22 ஜனவரியிலிருந்து 7 மார்ச் ஆறு வாரம் தாண்டி இரண்டு நாள், அடுத்தடுத்த டோஸுக்கு நான்கு வார இடைவெளி. கணக்கு சரியாக நிற்கிறது. பிறகு மாதத்தை எழுத்தில் போட்டுவிட்டால் யாரும் திருப்பிப் படிக்க முடியாது. தனியார் ஆஸ்பத்திரி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதிலுள்ள தேதி மருந்து தயாரித்த தேதியோ காலாவதியாகும் தேதியோதான். அதை ஊசி போட்ட தேதியாக எழுதிய பிரதிகளையும் பார்த்திருக்கிறேன்.

பேட்ச் எண்ணில் 0வா ஓவா, 8ஆ பியா என்று தெரியவில்லையென்றால் ஊகிக்காதீர்கள், “படிக்க இயலவில்லை” என்று அந்த இடத்திலேயே எழுதுங்கள். அதற்குமுன் ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் பக்கம் அட்டையைத் தட்டையாக வைத்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

பாயான் லெப்பாஸ் அண்ணன்:
என் தம்பி கென்யாவிலிருந்து திரும்பியபோது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ்ப் புத்தகத்தின் போட்டோவைக் காட்டினான். அசல் எங்கே என்று கேட்டுவிட்டார்கள். அதனால் மொழிபெயர்ப்பெல்லாம் வீண்.

ஜார்ஜ்டவுன் மொழிபெயர்ப்பாளர்:
அண்ணே, அது வேறு விவகாரம். அந்தப் புத்தகம் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான் நிரப்பப்படும், அசலே வேண்டும். அடித்துத் திருத்தினாலும் செல்லாமல் போகலாம். அக்கா கேட்பது பள்ளிக்கு.

செந்தூல் அம்மா:
தேதியைத் திருத்தி வாங்கிவிட்டோம். இரண்டாவது டோஸின் பேட்ச் எண்மேல் மாமியாரின் கட்டைவிரல் விழுந்திருக்கிறது, வேறு போட்டோ கேட்டிருக்கிறேன். அட்டையிலேயே அழிந்திருந்தால் பள்ளி ஏற்குமா? யாருக்காவது அப்படி நடந்திருக்கிறதா?