கல்யாணத்துக்கு எடுத்த 20 லட்சமும் என் இரண்டு பக்கச் சுருக்கமும்

மன்னார்குடி ஆலைக்காரர்:
அரிசி ஆலை ஒன்றின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வங்கிக் கடன் ஒப்பந்தத்தை இரண்டு பக்கமாகச் சுருக்கித் தரும்படி எங்கள் ஃபைனான்ஸ் கன்ட்ரோலர் அம்மா கேட்டார். வெளிக்கடன் நிகர மதிப்பைப் போல் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது, ஸ்டாக் ஸ்டேட்மென்ட் மாதந்தோறும் 10ஆம் தேதிக்குள் போக வேண்டும் என்றெல்லாம் எழுதிக் கொடுத்தேன்.

வெளிக்கடன் 9 கோடி, நிகர மதிப்பு 2.4 கோடி. வகுத்தால் 3.75. அம்மா பதறிப்போனார். பிறகுதான் ஒப்பந்தத்தின் சொல் விளக்கப் பகுதியைப் படித்தேன். இயக்குநர்கள் ஆலைக்குக் கொடுத்த 60 லட்சத்தை, வங்கிக் கடன் தீரும்வரை எடுக்கமாட்டோம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்திருப்பதால், வெளிக்கடனிலிருந்து கழித்து நிகர மதிப்போடு சேர்க்கலாம். 8.4 கோடிக்கு 3 கோடி, விகிதம் 2.8.

ஆனால் தை மாதம் மகள் திருமணத்துக்காகப் பெரிய இயக்குநர் அதிலிருந்து 20 லட்சம் எடுத்திருந்தார். அப்போதும் 8.4 கோடிக்கு 2.8 கோடி, விகிதம் சரியாக 3, வரம்புக்குள்தான். மீறப்பட்டது விகிதம் அல்ல, எடுக்கமாட்டோம் என்ற உறுதிமொழி. விகிதம் தவறினால் சரிசெய்ய 30 நாள் உண்டு. உறுதிமொழி தவறினால் ஒரு நாளும் இல்லை. இந்த வரி என் சுருக்கத்தில் இல்லை. இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

திருவாரூர் வியாபாரி:
நிபந்தனையை மீறினாலே கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். உடனே வக்கீலைப் பாருங்கள்.

கும்பகோணம் ஆடிட்டர்:
அப்படி இல்லை ஐயா. வாராக்கடன் என்பது 90 நாள் கணக்கு. ஸ்டாக் ஸ்டேட்மென்ட் மூன்று மாதத்துக்கு மேல் பழையதாகி, அதை வைத்தே பணம் எடுப்பது 90 நாள் தொடர்ந்தால் அந்த நிலை வரும். ஒப்பந்த மீறல் வேறு. அது கடனைத் திருப்பிக் கேட்கும் உரிமையை வங்கிக்குத் தருகிறது.

மன்னார்குடி நண்பரே, மீறல் நேர்ந்தால் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற வரி இருக்கிறதா? இருந்தால், சொல்லாமல் விடுவது இரண்டாவது மீறல். சுருக்கத்தில் ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே பிரிவு எண், கணக்கிடும் முறை, சரிசெய்யும் அவகாசம், யாருக்கு எத்தனை நாளில் சொல்வது ஆகிய நான்கையும் எழுதுங்கள்.

பாபநாசம் அக்கா:
எனக்கும் கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் இருக்கிறது. நகையைத் திருப்ப ஒரு வாரம் தள்ளினால் இப்படித்தான் கேட்பார்களா?

கும்பகோணம் ஆடிட்டர்:
அது வேறு அம்மா. நகைச் சீட்டில் இருக்கும் கெடு தேதியைப் பாருங்கள்.

மன்னார்குடி ஆலைக்காரர்:
தெரிவிக்கும் வரி இருக்கிறது. ஐந்து வேலை நாள். இயக்குநர் பணத்தை நேற்றே திரும்பக் கட்டிவிட்டார். அத்தோடு மீறல் தீர்ந்துவிடுமா?

கும்பகோணம் ஆடிட்டர்:
"மீறல் தொடரும் வரை" என்று இருந்தால் தீர்ந்தது என வாதிடலாம். வெறும் "நேர்ந்தால்" என்று இருந்தால், வங்கி எழுத்தில் விலக்கு தரும்வரை நான் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

மன்னார்குடி ஆலைக்காரர்:
"நேர்ந்தால்" என்றுதான் இருக்கிறது. விலக்குக் கேட்டு நாளை காலை கடிதம் போகிறது, அம்மா கையெழுத்திட்டுவிட்டார்.