‘நான் நினைவுபடுத்த மாட்டேன்’ என்று கணவருக்கு எழுதலாமா?

ஆனையூர் புதுசு:
திருமங்கலத்தில் மாமியார் வீட்டில் இருந்துவிட்டு, இப்போதுதான் ஆனையூரில் வாடகை வீடு பிடித்துத் தனியாக வந்திருக்கிறோம். நான் பள்ளி ஆசிரியை, காலை ஏழரைக்குக் கிளம்ப வேண்டும். அவருக்கு மதிய ஷிப்ட், வீடு திரும்ப இரவு பதினொன்றரை ஆகிவிடும். உட்கார்ந்து பேச நேரமே அமையவில்லை என்று இதை எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா, சொல்லுங்கள்:

“தனியாக வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் சில விஷயங்கள் மனசை அரிக்கின்றன. வீட்டு வேலை எதையும் நாம் பேசி முடிவு செய்யவில்லை, அதெல்லாம் தானாகவே என் தலையில் வந்து சேருகிறது. நீங்கள் வரும் வழியில் கடையில் சாப்பிட்டுவிட்டு வந்தால், நான் எடுத்துவைத்தது காலையில் வீணாகிறது. கடையில் சாப்பிடுவதாக இருந்தால் எட்டு மணிக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஞாயிறு முழுக்கத் திருமங்கலத்திலேயே போய்விடுகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறாவது நம் வீட்டில் சும்மா இருக்க ஆசை. குழாயில் தண்ணீர் வரும் நாளை நான் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாவு உங்கள் பொறுப்பு, ஊறப்போடுவதிலிருந்து கிரைண்டர் கழுவுவது வரை. நான் நினைவுபடுத்த மாட்டேன்.”

மாசிவீதி மணியன்:
எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது தங்கச்சி, கடைசி வரியைத் தவிர. ‘நான் நினைவுபடுத்த மாட்டேன்’ என்பது வக்கீல் நோட்டீஸில் வருகிற வாசகம். ஒருத்தர் மறந்தால் இன்னொருத்தர் சொல்வதற்குப் பேர்தான் குடித்தனம். சொல்ல மாட்டேன் என்று எழுத்தில் கொடுத்துவிட்டு அப்புறம் என்ன ‘மனசை அரிக்கிறது’?

சொக்கிகுளம் சொர்ணம்:
வந்துவிட்டாரய்யா மணியன் அண்ணன். போன மாதம் ‘மாநகராட்சிக் குழாயில் மோட்டார் மாட்டாத வீடு எது’ என்று நியாயம் பேசிவிட்டு ஓடியவர், இப்போது குடித்தனப் பாடம் நடத்துகிறார்.

புதுசு, நான் மாவு ஆட்டி விற்றுப் பிழைக்கிறவள், அதனால் சொல்கிறேன். உன் கடைசி வரிதான் அதில் உருப்படியான வரி. மாவு ஆட்டுவது என்றால் கிரைண்டர் ஸ்விட்சைத் தட்டுவது என்று ஆம்பளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டப்பாவில் உளுந்து இருக்கிறதா என்று இரண்டு நாள் முன்னாலேயே பார்க்க வேண்டும். எப்போது ஊறப்போட்டால் எப்போது ஆட்டலாம், எப்போது பொங்கும் என்று மனசுக்குள் கணக்கு ஓட வேண்டும். அந்தக் கணக்கு உன் தலையில் ஓடி, ‘ஏங்க, ஊறப்போட்டாச்சா’ என்று கேட்டு, அவர் எழுந்து போய்ச் செய்தால் பாதி வேலை உன்னிடமே இருக்கிறது. அவர் கைவேலை மட்டும்தான் பார்த்தார்.

மாசிவீதி மணியன்:
சொர்ணம், மோட்டார் விஷயத்தில் நான் ஓடவில்லை, எனக்கு வேறு வேலை இருந்தது. மாவு ஆட்டுவது எப்படி என்று நான் கேட்கவுமில்லை. நினைவுபடுத்த மாட்டேன் என்று எழுதலாமா, அதுதான் கேள்வி.

மேலூர் முருகேசன்:
எதற்கு இவ்வளவு பேச்சு? இரண்டு பேரும் சம்பாதிக்கிறீர்கள். கடையில் பாக்கெட் மாவு கிடைக்கிறது. வாங்கினால் ஊறப்போடுவதும் இல்லை, கிரைண்டர் கழுவுவதும் இல்லை. பிரச்சினை முடிந்தது.

கூடல்நகர் அபி:
முருகேசன் அண்ணே, அந்தப் பாக்கெட்டை யார் போய் வாங்குவது, தீரப்போகிறது என்று யார் பார்ப்பது? எங்கள் வீட்டில் பாக்கெட் மாவுதான். அது தீர்ந்த விஷயம் ராத்திரி பத்து மணிக்குத்தான் தெரியவரும், அதுவும் எனக்கு மட்டும்தான் தெரியவரும்.

மத்திய அரசு 2019-இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு எடுத்தது. அதில் வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு ஒரு நாளைக்கு 299 நிமிடம், செய்கிற ஆண்களுக்கு 97 நிமிடம் என்று வந்தது. வேலையே செய்யாத ஆண்களை அந்த 97-இல் சேர்க்கவில்லை. அவர்கள்தான் கூட்டம்.

மாசிவீதி மணியன்:
கணக்கெடுப்பில் ‘நினைவுபடுத்திய நிமிடம்’ என்று தனியாகப் போட்டிருக்கிறார்களா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

உசிலம்பட்டி பெரியவர்:
மகளே, மாமியாரை விட்டுப் பிரிந்து வந்தது போதாதா? ஞாயிறு ஒரு நாள் மகன் முகத்தைப் பார்ப்பதையும் தடுக்கலாமா? பெற்ற வயிறு என்ன பாடுபடும்.

ஆனையூர் புதுசு:
ஐயா, நான் தடுக்கவே இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு என்றுதான் எழுதியிருக்கிறேன். பிரிந்தும் வரவில்லை, திருமங்கலத்திலிருந்து என் பள்ளி தூரம் என்று மாமியார்தான் வீடு பார்க்கச் சொன்னார்கள்.

உசிலம்பட்டி பெரியவர்:
எதற்கும் பெரியவர்களை அனுசரித்துப் போ தாயி.

சொக்கிகுளம் சொர்ணம்:
பெரியவர் சம்பந்தமில்லாமல் ஞாயிற்றுக்கிழமையைக் கிளப்பினாலும், கிளப்பியது நல்லதாகப் போயிற்று. புதுசு, உன் கடிதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. மூன்று ஞாயிறு காலையில் திருமங்கலம் போய் ராத்திரிதான் திரும்புகிறீர்கள். திங்கள் காலை இட்லி ஊற்ற வேண்டுமென்றால் ஞாயிறு மதியமே அரிசி ஊற வேண்டும், சாயங்காலம் ஆட்ட வேண்டும். அந்த நேரம் அவர் அம்மா வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவர் மறக்கவில்லை, ஆள் ஊரிலேயே இல்லை. முதல் வாரமே உன் ஏற்பாடு படுத்துவிடும். ‘பார்த்தாயா, நீ சொல்லியிருக்கலாமே’ என்று அவர் கேட்பார். மணியன் அண்ணனுக்குத் தீபாவளிதான்.

நாளை மாற்று. அவருக்கு மதிய ஷிப்ட், சனிக்கிழமை காலை வீட்டில்தானே இருக்கிறார்? வெள்ளி ராத்திரி வந்ததும் நாலு ஆழாக்கு இட்லி அரிசியைக் கழுவி ஊறப்போடட்டும். ஒரு ஆழாக்கு உளுந்தும் ஒரு ஸ்பூன் வெந்தயமும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றி பிரிட்ஜில் வைக்கட்டும். நம் ஊர் சூட்டில் உளுந்து ராத்திரி முழுக்க வெளியே கிடந்தால் நொளநொளவென்று வாடை வந்துவிடும். காலை எட்டு மணிக்கு உளுந்தைப் போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து அரை மணி நேரம் ஆட்ட வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். அப்புறம் அரிசி. உப்புப் போட்டுக் கையால் கலந்து மூடி, கிரைண்டரையும் கழுவிவிட்டு அவர் வேலைக்குக் கிளம்பலாம். இரண்டு பேருக்கு வியாழன் வரை தாராளமாக வரும்.

மேலூர் முருகேசன்:
அரிசியை முதலில் ஆட்டினால் கிரைண்டர் கழுவ லேசு. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

சொக்கிகுளம் சொர்ணம்:
பாக்கெட் மாவு வாங்கினால் பிரச்சினை முடிந்தது என்றீர்களே?

மேலூர் முருகேசன்:
நான் பொதுவாகச் சொன்னேன்.

மாசிவீதி மணியன்:
ஒரு நிமிஷம். சனிக்கிழமை காலை ஆட்டிவைத்த மாவு சித்திரை வெயிலில் ஆறு ஏழு மணி நேரத்தில் பொங்கிவிடும். அப்போது அவர் ஷிப்டில் இருப்பார். பிரிட்ஜில் எடுத்து வைக்கப்போவது யார்? இந்தத் தங்கச்சி. அவள் மறந்து தூங்கிவிட்டால் அவர் போன் போட்டு ‘மாவை எடுத்து வைத்தாயா’ என்று கேட்கலாமா, கூடாதா? கேட்கலாம் என்றால் அவளும் அவருக்குச் சொல்லலாம். கூடாது என்றால் மாவு புளித்து நாறட்டும். இப்போது சொல்லுங்கள், நினைவுபடுத்த மாட்டேன் என்று எழுதலாமா?

கூடல்நகர் அபி:
அண்ணன் இதற்காகத்தான் ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறார் போலிருக்கிறது.

சொக்கிகுளம் சொர்ணம்:
போன் தேவையே இல்லை. பாத்திரத்தைத் தட்டு மேல் வைத்து அடுப்பு மேடையில் கண்ணெதிரே வைத்துவிட்டுப் போகட்டும். பொங்கினால் மாவே மூடியைத் தூக்கிச் சொல்லும். தானாகக் கண்ணில் படுகிற வேலைக்கு ஆள் வந்து நினைவுபடுத்த வேண்டியதில்லை. டப்பாவுக்குள் தீர்ந்துபோகிற உளுந்து யார் கண்ணிலும் படாது, அதுதான் பாரம். புதுசு, கடிதத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்: ‘பொங்கியதும் பிரிட்ஜில் வைப்பது என் வேலை.’ கை மாறுகிற இடத்தை எழுதாமல் விட்டால் அங்கேதான் சண்டை வரும். மார்கழியில் பொங்கப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும், அப்போது அவரே ராத்திரி வந்து எடுத்து வைக்கட்டும்.

மாசிவீதி மணியன்:
என் கேள்விக்குப் பதில் வரவில்லை.

சொக்கிகுளம் சொர்ணம்:
வந்தது, படிக்க மனசில்லை உங்களுக்கு. மோட்டார் விஷயத்திலும் இப்படித்தான்.

மாசிவீதி மணியன்:
மோட்டாரை விடமாட்டீர்களா? தெருவில் எல்லாரும் மாட்டியிருக்கும்போது நான் மட்டும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கவா?

கூடல்நகர் அபி:
நீங்கள் உறிஞ்சினால் அடுத்த வீட்டில் குழாயில் காற்றுதான் வரும் அண்ணே. எங்கள் சந்தில் கடைசி வீடு நாங்கள், எங்களைக் கேளுங்கள். தண்ணீர் விடுகிற நாளில் நாலரைக்கு எழுந்து உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்காரம்மாவிடம் சொன்னால் ‘நீங்களும் மாட்டிக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள்.

மாசிவீதி மணியன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன்.

ஆனையூர் புதுசு:
தண்ணீரை நான் ஏற்றுக்கொண்டதை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது. சனிக்கிழமை யோசனை நன்றாக இருக்கிறது அக்கா, எனக்கும் அன்று அரை நாள்தான். மாற்றி எழுதுகிறேன். எப்போது அனுப்புவது? இரவு அவர் வந்ததும் படிக்கட்டும் என்று பதினொன்றரைக்கு நினைத்திருந்தேன்.

சொக்கிகுளம் சொர்ணம்:
வேண்டாம். ஷிப்ட் முடிந்து வண்டி ஓட்டி வந்தவர் செருப்பைக் கழற்றும்போது இத்தனை விஷயத்தைப் படித்தால் எல்லாமே குறையாகத்தான் தெரியும். காலையில் நீ போனபின் எழுந்து காபி குடிப்பாரே, பத்து மணிக்கு அனுப்பு. திருமங்கலம் விஷயத்தை அதிலிருந்து எடுத்துவிடு, அம்மா பேச்சை நேரில் பேசு. அந்த வரியைப் படித்துவிட்டால் மாவு, கடைச் சாப்பாடு எதுவும் அவர் மண்டையில் ஏறாது.

கூடல்நகர் அபி:
எனக்கு இதில் சம்மதமில்லை. ஞாயிறுதான் அவளுக்குப் பெரிய ஆசை, அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வேலைப் பட்டியல். சேர்ந்திருக்க ஆசைப்படுகிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சொக்கிகுளம் சொர்ணம்:
நேரில் தெரியட்டும் அபி.

கூடல்நகர் அபி:
நேரில் பேச நேரமில்லை என்றுதானே எழுதவே உட்கார்ந்தாள்?

மாசிவீதி மணியன்:
ஞாயிறு வரி இருக்கட்டும், போகட்டும். ‘நான் நினைவுபடுத்த மாட்டேன்’ இருக்கிறதா, எடுத்தாயிற்றா?

ஆனையூர் புதுசு:
இருக்கிறது அண்ணா.

மாசிவீதி மணியன்:
அப்படியானால் நான் சொன்னதற்கு என்ன மரியாதை?

மேலூர் முருகேசன்:
சொர்ணம் அக்கா, உங்கள் மாவு மேலூருக்குக் கிடைக்குமா?

சொக்கிகுளம் சொர்ணம்:
அரிசியை முதலில் ஆட்டுகிறவர்களுக்குக் கொடுப்பதில்லை.