ஷிஃப்ட் நடுவில் குடித்திருப்பாரோ என்ற சந்தேகம். யாரிடம், எப்படிச் சொல்வது?

நான் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்டில் சரக்கு எண்ணுபவன். எங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணனிடம் மூன்று வாரத்தில் நான்கு இரவு சாராய வாடை அடித்தது. நான்கு முறையும் இரண்டு மணி இடைவேளைக்குப் பிறகுதான். கேட்டில் ஊதிப் பார்க்கும் கருவி இருக்கிறது, ஆனால் உள்ளே வரும்போது மட்டும்தான் ஊதச் சொல்வார்கள். அப்போது அவர் தெளிவாகவே இருக்கிறார்.

வாடை மட்டும் என்றால் பேசாமல் இருந்திருப்பேன், அதை வைத்து எவ்வளவு குடித்தார் என்று சொல்ல முடியாதே. நேற்று முள்ளை முழுசாக இறக்காமலே வண்டியைத் திருப்பினார், ரேக் தூணில் உரசியது. பேச்சும் குழறியது. இரண்டடி தள்ளி ஒரு பையன் நின்றிருந்தான்.

ஒரு குழப்பம்: அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. சர்க்கரை இறங்கினாலும் வியர்வை, குழறல், தடுமாற்றம் வரும். ரொம்ப ஏறினால் மூச்சில் பழவாடை அடிக்கும். அப்படியிருந்தால் அவருக்கு வேண்டியது மருத்துவர்.

தனியாகக் கேட்டேன், "தூக்கம்டா தம்பி" என்றார். சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னேன், "பார்த்துக்கலாம்" என்றார், அவ்வளவுதான். தேதி, நேரம், கண்ணால் கண்டது மட்டும் குறித்து வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை நடந்தால், குடித்தார் என்று குற்றம் சாட்டாமல், வண்டியை அப்போதே நிறுத்தி அவரைப் பரிசோதிக்க வைக்கப் பாதுகாப்பு அதிகாரியிடம் என்ன வார்த்தையில் சொல்ல வேண்டும்?