புதுப்பிப்பு: மரப்பட்டறைக்கு எந்த வாட்ச் பட்டை?

நான் முன்பு கேட்டது: "மரத்தூளிலும் வியர்வையிலும் நாள் முழுக்க வேலை. ஃபிட்னஸ் பேண்டோடு வந்த சிலிக்கோன் பட்டைக்கு அடியில் அரிக்கிறது. எதற்கு மாறலாம்?"

நைலான் போட்டால் காற்றுப் போகும் என்று ஒரு நண்பர் சொன்னது பாதி சரிதான், அரிப்பு குறைந்தது, ஆனால் நெசவுக்குள் தூள் புகுந்து வியர்வையோடு ஊறி, சாயங்காலம் கழற்றினால் ஒரே நாற்றம், துவைத்தால் காயவும் நேரமாகிறது.

உதவியது வாட்ச் பழுதுபார்க்கும் அண்ணன் சொன்னதுதான். முதலில் தடிப்பு எங்கே என்று பாருங்கள் என்றார். கொக்கிக்கு நேர் கீழே மட்டும் என்றால் உலோகத்திலுள்ள நிக்கல் மீது சந்தேகப்படலாம், பட்டை நெடுக இருந்தால் அடியில் தேங்கும் ஈரமும் உரசலும். எனக்கு நெடுக இருந்தது. சிலிக்கோனின் மேற்பரப்பு தூளை இழுத்துப் பிடிக்கும், அது வியர்வையில் குழைந்து தோலைத் தேய்க்கும்.

அதனால் எஃப்கேஎம் என்ற ஃப்ளோரின் சேர்ந்த செயற்கை ரப்பருக்கு மாறினேன். விலை கூட, கொஞ்சம் கனம், ஆனால் தூள் அவ்வளவாக ஒட்டுவதில்லை, எண்ணெய் பட்டாலும் தாங்குகிறது. சாப்பாட்டு நேரத்தில் கழற்றி, பட்டையையும் மணிக்கட்டையும் கழுவித் துடைத்து, ஒரு துளை தளர்த்திப் போடுகிறேன். பட்டைக்கு அடியில் தடிப்பு போய்விட்டது. சென்சாருக்குக் கீழே மட்டும் லேசான சிவப்பு இன்னும் வருகிறது, அங்கே பட்டை மாற்றி என்ன பயன்? யாருக்காவது இப்படி இருந்தால் சொல்லுங்கள்.